வந்தானா, வந்தாளா?

ஊர்க்கதைகளை ஒலிப்பதிவு செய்து எழுத்தில் கொண்டுவரும் வேலையை நான் தொடங்கிய முதல் வருடம் அது. திண்ணையில் உட்கார்ந்து ஒரு பாட்டி தன் குடும்பத்துப் பழங்கதையைச் சொன்னார். பதிவின் ஓர் இடத்தில் அவர் பேசியதை நான் இப்படி எழுதி வைத்தேன்: "அவ வந்தா, சாமான எடுத்தா, போயிட்டா." அவள் வந்தாள், எடுத்தாள், போய்விட்டாள். வீட்டை விட்டுப் போன மகளின் கதை என்று நினைத்துக்கொண்டே நான்கு பக்கம் எழுதிவிட்டேன். ஐந்தாம் பக்கத்தில் பாட்டி கேட்கிறார்: "ஒரு வாய் தண்ணியாவது குடிச்சானா?"

குடிச்சானா. போனது மகள் இல்லை, மகன்.

பதிவைத் திருப்பி ஓட்டிக் கேட்டேன். பாட்டி சரியாகத்தான் சொல்லியிருந்தார். "வந்தா" என்று நான் எழுதிய இடத்தில் அவருடைய குரல் கடைசி ஆகாரத்தில் மூக்குக்குள் ஏறியிருந்தது. வந்தான் என்பதில் உள்ள 'ன்' தனி ஒலியாக வெளியே வரவில்லை. ஆனால் தன் மூக்கொலியை முன்னால் நின்ற உயிரிடம் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தது. அந்த மூக்கொலியை எழுதத் தமிழ் எழுத்தில் இடமில்லை. எழுத்தில் இல்லாததால் என் காது அதை ஒலியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து என் நோட்டுப்புத்தகத்தில் ஒரு குறியைச் சேர்த்துக்கொண்டேன். மூக்கில் ஏறும் உயிருக்குப் பின்னால் ஓர் அலைக்கோடு: வந்தா~. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் குறியைப் பயன்படுத்துகிறேன். வேகமாகப் பேசும்போது தமிழ்ச் சொற்களுக்கு என்ன நேர்கிறது என்று பார்க்க, இந்த 'ன்' காணாமல் போன இடத்திலிருந்தே தொடங்குவது வசதி.

தமிழ்நாட்டின் பெரும்பகுதியில், பேச்சில் சொல்லின் கடைசியில் வரும் 'ன்', 'ம்' இரண்டும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. மரம் என்பது 'மரொ~' போல ஒலிக்கிறது. அவன் என்பது 'அவெ~' ஆகிறது. நான் என்பது 'நா~'. காரணம் எளிது. மெல்லினத்தைச் சொல்ல இரண்டு வேலை நடக்க வேண்டும். வாய்க்குள் நாக்கோ உதடோ வழியை அடைக்க வேண்டும். மேலண்ணத்தின் பின்பக்கத்தில் உள்ள மெத்தென்ற சதை கீழே இறங்கி மூக்கின் வழியைத் திறக்க வேண்டும். அந்தச் சதை முன்கூட்டியே, உயிரெழுத்து ஒலிக்கும்போதே இறங்கத் தொடங்கிவிடுகிறது. சொல்லின் கடைசிக்கு வரும்போது நாக்கு தன் அடைப்பை முழுதாகப் போடுவதில்லை. மூக்கு திறந்தது, வாய் மூடவில்லை. அதனால் மெய் போய், மூக்குயிர் மிஞ்சுகிறது.

உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் மூக்கை விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு, வீட்டில் பேசுவது போலவே "அவ கேட்டா" என்று சொல்லுங்கள், பெண்ணை நினைத்து. ஒலியில் மாற்றம் இருக்காது. அதே பிடியில் "அவெ~ கேட்டா~" என்று ஆணை நினைத்துச் சொல்லுங்கள். ஜலதோஷம் பிடித்தவர் குரல்போல அடைத்துக்கொள்ளும். வந்தான், வந்தாள் என்ற வேறுபாடு முழுவதும் பேச்சில் அந்த ஒரு சிறு மூக்குக் காற்றில் நிற்கிறது. யாழ்ப்பாணத்தார் பேச்சில் இந்தச் சிக்கல் இல்லை; அவர்கள் 'அவன்' என்றே னகரத்தை நிறுத்திச் சொல்வார்கள்.

பெண்பாலில் வரும் 'ள்' எங்கே போனது? அது மூக்கொலி இல்லையே, அதனால் தடயம் எதுவும் வைக்காமல் போய்விடுகிறது. அவள், 'அவ'. வந்தாள், 'வந்தா'. 'ல்' என்பதற்கும் அதே கதி: வந்தால் என்பதும் 'வந்தா', ஆனால் என்பது 'ஆனா'. ஆனால் பால், கால், தேள் போன்ற ஓரசைச் சொற்களில் அது போகாது. போனால் 'பா', 'கா' என்று எதுவும் புரியாத மிச்சம்தான் நிற்கும். அங்கே பேச்சு வேறு வழியைப் பிடிக்கிறது. கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்து 'பாலு', 'காலு', 'தேளு' என்று மெய்யைக் காப்பாற்றிக்கொள்கிறது.

ஆக, 'வந்தா' என்று காதில் விழும் ஒலி வந்தாளாக இருக்கலாம், வந்தாலாக இருக்கலாம், கவனக்குறைவாகக் கேட்டால் வந்தானாகவும் இருக்கலாம். இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு, பாட்டியின் பதிவே அதைக் காட்டிக் கொடுத்தது. பின்னால் ஓர் உயிரெழுத்தை ஒட்ட வையுங்கள். வந்தா~ என்பதோடு 'ஆ' சேர்த்தால் 'வந்தானா'. வந்தாள் என்றால் 'வந்தாளா'. வந்தால் என்பதோடு 'உம்' சேர்த்தால் 'வந்தாலும்'. ஒளிந்திருந்த மெய் ஒவ்வொன்றும் தன் இடத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறது. பேசுகிறவரின் மனத்தில் அந்த மெய் எப்போதும் இருக்கிறது. ஏறி உட்கார ஓர் உயிர் கிடைக்கும்போது வெளியே வருகிறது. கிடைக்காதபோது உள்ளேயே நின்றுவிடுகிறது.

நம் பழைய இலக்கணக்காரர்கள் இதை ஒட்டிய ஓர் ஒலியை நுட்பமாகக் கேட்டிருக்கிறார்கள். மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. ஆனால் வகரத்துக்கு முன்னால் வரும் மகரம் தன் அளவில் குறைந்து கால் மாத்திரையாக ஒலிக்கும் என்று சொல்லி, அதற்கு மகரக்குறுக்கம் என்று பெயரும் வைத்தார்கள். 'இன்னும் வரல' என்று சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். உதடு 'ம்' என்று முழுதாக மூடுவதில்லை. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அந்தக் கால் மாத்திரை, பேருந்து நிறுத்தத்தில் தினமும் காதில் விழும் ஒலியோடு அவ்வளவு நெருங்கி நிற்கிறது. எனக்கு இது தெரிந்த நாளில் உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தியார், சொற்கள் புணரும்போது நேரும் மாற்றங்களை மூன்றாகப் பிரித்தார்: தோன்றல், திரிதல், கெடுதல். புதிதாக ஓர் எழுத்து வருவது, ஓர் எழுத்து இன்னொன்றாவது, ஓர் எழுத்து மறைவது. இன்றைய ஒலியியல் வகுப்பில் வேகப் பேச்சைப் பற்றிப் பேசும்போதும் இதே மூன்றைத்தான் பேசுகிறார்கள். வித்தியாசம் என்னவென்றால் நன்னூல் செய்யுளுக்கும் எழுத்துக்கும் விதி சொன்னது. நாம் வாயைப் பார்க்கப் போகிறோம். விதி சொன்னபடி வாய் எப்போதும் போவதில்லை. எங்கே விலகுகிறது என்பதில்தான் சுவை இருக்கிறது.

திரிதலுக்கு 'என்' என்ற சின்னச் சொல்லே போதும். 'என் பேரு' என்று வேகமாகச் சொன்னால் 'எம்பேரு' ஆகிறது. 'என் தம்பி', 'எந்தம்பி'. 'என் சட்டை', 'எஞ்சட்டை'. 'என் கூட', 'எங்கூட'. நடுவில் இருக்கும் 'ன்' அடுத்து வரும் எழுத்தின் வீட்டுக்குக் குடிபோய்விடுகிறது. பகரத்துக்கு உதடு சேர வேண்டும். அது 'ன்' சொல்லும்போதே சேர்ந்துவிடுகிறது, அதனால் 'ம்'. ககரத்துக்கு நாக்கின் அடிப்பக்கம் மேலே எழ வேண்டும். அது முன்னதாகவே எழுந்துவிடுகிறது, அதனால் 'ங்'. மூக்கொலி மாறவில்லை, அடைக்கும் இடம் மட்டும் மாறுகிறது. தமிழ் நெடுங்கணக்கில் க-ங, ச-ஞ, த-ந, ப-ம என்று இனம் இனமாக அடுக்கி வைத்திருக்கிறார்களே, அந்த அடுக்கின் பொருள் இங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

இதைச் சோதிக்கும்போது உதட்டைப் பார்க்காதீர்கள். 'பேரு' என்று சொல்ல உதடு எப்படியும் சேரும். நாக்கின் நுனியைக் கவனியுங்கள். நிதானமாக 'என்... பேரு' என்னும்போது நுனி மேற்பல்லின் பின்பக்க ஈற்றைத் தொடும். வேகத்தில் 'எம்பேரு' என்னும்போது அது கீழேயே கிடக்கும். 'எங்கூட' என்பதில் இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். அந்தக் ககரம் 'தங்கம்' என்பதில் வருவது போல மெலிந்து ஒலிக்கிறதா, 'கூட' என்று தனியாகச் சொல்வது போல வலிந்து நிற்கிறதா? மெலிந்துவிட்டால் அந்த வாய்க்கு இரண்டு சொல்லும் ஒரே சொல்லாகிவிட்டது என்று பொருள். வலிந்தே நின்றால் இடையில் இன்னும் ஒரு சுவர் இருக்கிறது. இரண்டையும் நான் கேட்டிருக்கிறேன், ஒரே ஆளிடமே கேட்டிருக்கிறேன். தமிழ் எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது. பக்கத்தில் குறிப்பு எழுதித்தான் வைக்க வேண்டும்.

இப்படி ஒட்டிக்கொண்டதைக் கேட்டுப் பிரிப்பது பழக்கம் இல்லாதவருக்குக் கடினம். கொங்கு நாட்டில் ஒருவர் "எங்கூட்டுல" என்பார். அது 'என் கூட்டில்' இல்லை, 'எங்கள் வீட்டில்'. அங்கே வீடு 'ஊடு' ஆகிவிடும். 'எங்க ஊட்டுல' சேர்ந்து எங்கூட்டுல. அடுத்த வாக்கியத்திலேயே அவர் "எங்கூட வா" என்பார். அது 'என் கூட'. "எங்கூரு" என்பார், அது 'எங்க ஊரு'. மூன்றிலும் முதலில் விழும் ஒலி ஒன்றேதான். முதலாவதிலும் மூன்றாவதிலும் 'ங்க' பிறப்பிலேயே உள்ளது. இரண்டாவதில் மட்டும் திரிந்து வந்தது. எப்படித் தெரிந்துகொள்வது? நிதானமாகத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். 'என்... கூட' என்று 'ன்' திரும்பி வரும். 'எங்க... ஊரு' என்பதில் எவ்வளவு நிதானப்படுத்தினாலும் 'ன்' வராது.

இந்த நிதானச் சோதனையை நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். ஏனென்றால் பேச்சுத்தமிழ் என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. 'போக வேண்டும்' என்பது 'போகணும்' ஆனது. யாரையாவது ஒவ்வோர் அசையாக நிறுத்திச் சொல்லச் சொன்னால் 'போ-க-ணும்' என்றுதான் சொல்வார், 'வேண்டும்' வராது. காற்று 'காத்து' ஆனதும், கேட்க 'கேக்க' ஆனதும், வந்துவிட்டான் 'வந்துட்டான்' ஆனதும் அப்படியே. இவை என்றோ நடந்து முடிந்த மாற்றங்கள்; இன்று அவையே சொற்கள். ஆனால் 'போகணும்' வேகத்தில் 'போணும்' ஆகும்போது நடப்பது வேறு. நிதானப்படுத்தியவுடன் ககரம் திரும்பி வருகிறது. அது வாயில் அந்த நொடியில் நடப்பது. எழுத்தாக்குகிறவர் இந்த இரண்டையும் பிரிக்காவிட்டால், ஒருவர் பேசியதை 'வேண்டும்' என்று திருத்தி எழுதி அவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் வைத்துவிடுவார்.

ஒலிப்பதிவை மெதுவாக ஓட்டிக் கேட்பது வேறு, பேசியவரை மெதுவாகச் சொல்லச் செய்வது வேறு. கைபேசியில் வேகத்தைப் பாதியாக்கினால் பதிவில் உள்ள ஒலி நீளும். இல்லாத ஒலி புதிதாக முளைக்காது. அதனால் 'எம்பேரு' பாதி வேகத்திலும் 'எம்பேரு'தான். வாயில் என்ன ஒலித்தது என்று அறிய முதல் வழி, மனத்தில் என்ன சொல் இருந்தது என்று அறிய இரண்டாவது வழி.

இரண்டு உயிர்கள் சந்திக்கும் இடத்துக்கு வருவோம். முதல் சொல் உயிரில் முடிந்து, அடுத்தது உயிரில் தொடங்கினால் நடுவில் ஒரு பள்ளம் விழும். அதை அடைக்க இலக்கணம் உடம்படுமெய் என்று யகரத்தையோ வகரத்தையோ வைக்கிறது. பேச்சும் வைக்கிறது: 'மணி அடிச்சாச்சு' என்பது 'மணியடிச்சாச்சு', 'பூ இருக்கு' என்பது 'பூவிருக்கு'. நாக்கு இகரத்திலிருந்து அகரத்துக்கு நகரும் வழியில் யகரம் தானாக ஒலிக்கும். உகரத்தில் குவிந்த உதடு அடுத்த உயிருக்கு விரியும் வழியில் வகரம் ஒலிக்கும். இது தோன்றல். இதில் பெரிய சிக்கல் இல்லை.

சிக்கல் குற்றியலுகரத்தில் இருக்கிறது. 'வந்து' என்பதன் கடைசி உகரம் அரை மாத்திரைதான். அடுத்து உயிர் வந்தால் அது ஓடிவிடும் என்று பள்ளியில் படித்தோம். வந்து + எடு என்பது 'வந்தெடு'. பேச்சிலும் 'வந்தெடுத்துக்கோ' என்றுதான் சொல்கிறோம். அப்படியானால் வந்து + இருக்கு என்பது 'வந்திருக்கு' ஆக வேண்டும். எழுத்தில் அப்படித்தான். ஆனால் எத்தனையோ வாயில் அது 'வந்துருக்கு'. உகரம் நிற்கிறது, அடுத்த சொல்லின் இகரம் ஓடிவிட்டது! 'போட்டுருக்கே~', 'சொல்லிருக்கா', 'எங்கருக்க', 'இங்கருந்து' எல்லாம் இதே போக்குதான். விதியை வாய் தலைகீழாக்கிவிட்டது.

ஏன் 'எடு' தன் தலையைக் காப்பாற்றிக்கொள்கிறது, 'இரு' இழக்கிறது? நான் இத்தனை வருடம் கேட்டதிலிருந்து புரிந்துகொண்டது இது. ஒரு சொல்லை அடையாளம் காண அதன் முதல் எழுத்தே முக்கியம். 'எடு' என்பது பொருளைச் சுமக்கும் சொல். தலை போனால் 'டு'தான் மிஞ்சும், கேட்பவருக்குப் பிடி கிடைக்காது. 'வந்திருக்கு' என்பதில் 'இரு' துணைவினை. அது அங்கே வரும் என்று கேட்பவருக்கு முன்பே தெரியும். தெரிந்ததை முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை. 'என்று' என்பது 'ன்னு' ஆனதும், 'விடு' என்பது 'டு' ஆனதும், 'கொண்டு' என்பது 'ட்டு' என்று மட்டும் மிஞ்சியதும் இதே வழியில்தான். வாக்கியத்தில் வேலைக்காரச் சொற்கள் தலை இழக்கும். எஜமானச் சொற்கள் பெரும்பாலும் இழக்காது. விதிவிலக்கு உண்டு. இரண்டு 'ரெண்டு' ஆனது, பேருந்தில் 'எறங்கு' என்பது 'றங்கு' என்று காதில் விழுகிறது. ரகர றகரங்களுக்கு முன் நிற்கும் குறில் மெலிந்தது, எளிதில் உதிரும். ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்று தொல்காப்பியம் சொன்னதை நடத்துநர்கள் கவனிப்பதில்லை.

இனி ஒரு முழுப் பேச்சை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் கைபேசியில் சொன்னது, என் நோட்டில் உள்ளபடி:

எந்தம்பி இன்னு~ வல்ல. வந்தொடனே ஒங்கூட பேச சொல்றே~. நீ எங்கருக்க?

எழுத்துத் தமிழில் இது: என் தம்பி இன்னும் வரவில்லை. வந்தவுடனே உன்னோடு பேசச் சொல்கிறேன். நீ எங்கே இருக்கிறாய்? நன்றாக நிறுத்தி எண்ணினால் எழுத்துத் தமிழில் 29 அசை. அந்தப் பெண் சொன்னது 23. இங்கே அசை என்று சொல்வது செய்யுள் அசையை அல்ல, ஓர் உயிரைச் சுற்றி அமையும் ஒலித்துண்டை.

முதல் சொல்லில் 'ன்' தகரத்தின் வீட்டுக்குப் போய் 'ந்' ஆகியிருக்கிறது. 'இன்னு~' என்பதில் மகரம் வகரத்துக்கு முன் கரைந்து மூக்குயிராகியிருக்கிறது. 'வல்ல' என்பதற்கு இரண்டு படி. வரவில்லை என்பது 'வரல' ஆனது பழைய மாற்றம். நிதானமாகச் சொன்னாலும் 'வ-ர-ல'தான். அங்கிருந்து வேகத்தில் ரகரத்தின் அகரம் கெட்டு 'வர்ல', பிறகு 'ர்' பக்கத்து லகரத்தைப் போலவே திரிந்து 'வல்ல'. கெடுதலும் திரிதலும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்திருக்கின்றன. முதலாவது நடக்காமல் இரண்டாவது நடந்திருக்காது, ஏனென்றால் நடுவில் உயிர் நிற்கும்வரை 'ர்' லகரத்தைத் தொட முடியாது.

'வந்தொடனே' என்பதில் பள்ளிப் பாடம் வகர உடம்படுமெய் கேட்கிறது: வந்த + உடனே, வந்தவுடனே. இந்தப் பெண் வகரத்தைக் கொண்டுவரவில்லை. முதல் சொல்லின் அகரத்தை விட்டுவிட்டு நேரே அடுத்த உயிருக்குப் போய்விட்டார். அந்த உயிர் உகரமாக இல்லாமல் ஒகரமாக இருப்பது வேகத்தால் அல்ல. உடம்பு 'ஒடம்பு' ஆனது போலப் பேச்சில் நிலைத்த மாற்றம். 'ஒங்கூட' என்பதன் ஒகரமும் அப்படி. அதில் உள்ள 'ங்' மட்டும் வேகத்தின் வேலை. ஒரே சிறு சொல்லில் பழைய மாற்றமும் அந்த நொடியின் மாற்றமும் அருகருகே நிற்கின்றன.

'பேச சொல்றே~' என்பதில்தான் என் கை என்னை ஏமாற்றப் பார்த்தது. முதலில் 'பேசச் சொல்றே~' என்று எழுதினேன். வல்லினம் மிகும் என்று கை அறியும். மறுபடி கேட்டபோது 'சொல்' என்பதன் சகரம் 'பசி' என்பதில் வருவது போல மென்மையாக ஒலித்தது. 'பச்சை' என்பதில் வருவது போல அழுத்தமாக இல்லை. இரட்டித்திருந்தால் அழுத்தம் கட்டாயம் இருக்கும். ஆகவே அவர் ஒற்றைச் சொல்லவில்லை. ஒலியை எழுதுகிற நோட்டில் ஒற்றை எடுத்துவிட்டேன். அச்சுக்குப் போகும் பிரதியில் ஒற்றுப் போடுவதில் எனக்கு மறுப்பு இல்லை. எது எந்தப் பிரதி என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

கடைசியில் 'எங்கருக்க'. எங்க + இருக்க, 'இரு' தலை இழந்தது. துணைவினை இல்லாத இடத்திலும் இந்த 'இரு' தலை இழப்பதைக் கவனியுங்கள். அடிக்கடி வரும் சொல், அதிலும் ரகரத்துக்கு முன் நிற்கும் இகரம். உதிர இரண்டு காரணம்.

நீங்களும் செய்து பார்க்க நான்கு தொடர்கள் தருகிறேன். இவற்றைப் படித்து எழுதாதீர்கள். வீட்டில் யாரிடமாவது விஷயத்தைச் சொல்லி, அவர் தன் போக்கில் பேசுவதை அவர் சம்மதத்தோடு கைபேசியில் பதிவு செய்யுங்கள். இரண்டு மூன்று விநாடித் துண்டாகக் கேளுங்கள். முழு வாக்கியமாகக் கேட்டால் மனம் இல்லாத ஒலியை இட்டு நிரப்பிவிடும். முதலில் காதில் விழுந்ததை எழுதி, பிறகு மட்டுமே அவரை நிதானமாகச் சொல்லச் சொல்லி அதைக் கீழே எழுதுங்கள்.

உன் பை எங்கே? பணம் கொண்டு வந்திருக்கிறாயா? சாப்பிட்டுவிட்டு வந்துவிடு. அவள் எப்போது போனாள் என்று தெரியாது.

முதலாவதில் 'ஒம்பை எங்க' என்று வந்திருக்கும். 'ம்' கேட்கவில்லை என்று தோன்றினால் நாக்கு நுனிச் சோதனையைச் செய்யுங்கள். இரண்டாவது பல வாயில் 'பணங்கொண்டாந்துருக்கியா' என்று ஒரே மூச்சாக விழும். பணம் என்பதன் 'ம்' ககரத்துக்கு இனமாகி 'ங்' ஆகியிருக்கிறது; கொண்டு வந்து என்பது 'கொண்டாந்து' என்று என்றோ உறைந்துபோனது; 'இரு' வழக்கம்போல் தலை இழந்திருக்கிறது. மூன்றாவதில் 'சாப்ட்டுட்டு வந்துரு' என்று எழுதியிருந்தால் நன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். சாப்பிட்டு என்பதன் நடு இகரம் இரு வல்லினங்களுக்கு இடையே நசுங்கிவிட்டது. 'வந்துடு' என்ற டகரம் சிலர் வாயில் டகரமாகவே நிற்கும், சிலர் வாயில் ரகரமாகிவிடும். நாக்கு நுனி அண்ணத்தை அழுத்தாமல் தட்டிவிட்டுப் போனால் அது 'ரு'. எது விழுந்ததோ அதையே எழுதுங்கள், இரண்டும் சரி.

நான்காவதை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. 'அவெப்ப போனான்னு தெரியாது' என்று வரக்கூடும். அவ + எப்ப சேரும்போது அகரம் கெட்டு 'அவெப்ப'. போனாள் + ன்னு சேரும்போது 'ள்' பக்கத்து னகரத்தில் கரைந்து 'போனான்னு'. போனான் + ன்னு சேர்ந்தாலும் 'போனான்னு'. அவன் என்பதற்கு உரிய அலைக்கோடும் இங்கே உதவாது, பின்னால் னகரம் வந்து எல்லா உயிரையும் மூக்குக்கு அருகில் இழுத்துவிடுகிறது. முன்னால் 'அவெப்ப' என்றிருக்கிறதா, 'அவனெப்ப' என்றிருக்கிறதா என்பது ஒன்றுதான் பிடி. அடுத்த சொல் உயிரில் தொடங்கியதால் ஆணாக இருந்தால் 'ன்' வெளியே வந்திருக்க வேண்டும்.

பாட்டியின் பதிவிலும் ஓர் இடத்தில் 'எப்ப போனான்னு யாருக்குத் தெரியும்' என்று வருகிறது. முன்னால் அவனும் இல்லை, அவளும் இல்லை. அந்தக் கதையில் வீட்டை விட்டுப் போன மகன் இருக்கிறான்; அவனைத் தேடிப் போன மருமகளும் இருக்கிறாள். என் நோட்டில் அந்தச் சொல்லுக்கு மேல் 'ன்', 'ள்' இரண்டையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். பாட்டி இன்று இல்லை. அடுத்த முறை அந்த ஊருக்குப் போகும்போது, அந்தக் கதையைச் சிறுவயதில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட அவருடைய பேத்தியிடம் அந்தத் துண்டைப் போட்டுக் காட்டிக் கேட்க வேண்டும்.